இலை எடுப்புக் கோரிக்கைகளைச் சர்வரிடம் கேட்கும் பெட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, கட்டபெட்டு, கூக்கல்தொரை பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுக்கும் மையங்களில் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். விவசாயி போனில் "இலை தயார், இத்தனை கிலோ" என்று பதிகிறார். அது வெளியூரில் இருக்கும் சர்வரில் நிலுவைக் கோரிக்கையாக நிற்கிறது. மையத்தில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் பெட்டி, சிம் கார்டு வழியாகச் சர்வரிடம் "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டு, வந்ததை வண்டி டிரைவரின் பட்டியலில் சேர்க்கிறது. 40 மையங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. கீழே வரும் எண்கள் இந்த அமைப்புக்கானவை. உங்கள் சர்வரின் வரம்பு வேறாக இருந்தால் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

429-னு வருது. எங்க கணக்கை முடக்கிட்டாங்களா?

இல்லை. முடக்கியிருந்தால் பெரும்பாலும் 401 அல்லது 403 வந்திருக்கும். 429 என்றால் "கேள்வி சரிதான், ஆனால் அளவுக்கு மேல் கேட்கிறாய், கொஞ்சம் பொறு" என்று பொருள். 2012-ல் வந்த RFC 6585 இந்த எண்ணை வரையறுத்தது. சர்வர் படுத்துவிட்டது என்பதற்கான அடையாளமும் இது இல்லை. படுத்துவிடக் கூடாது என்றுதான் அது தடுக்கிறது.

நம் சர்வர் அளக்கும் முறைக்கு டோக்கன் பக்கெட் என்று பெயர். கணக்குக்கு ஒரு வாளி. அதில் அதிகபட்சம் 10 டோக்கன் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டோக்கன் கழியும், நொடிக்கு 2 டோக்கன் புதிதாகச் சேரும். வாளி நிறைந்த பிறகு சேருவது வீண். வாளி காலியாக இருக்கும்போது கேட்டால் 429.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, அந்த வாளி 40 மையத்துக்கும் பொது என்பது. உங்கள் பெட்டி ஒழுங்காக அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறது, ஆனாலும் 429 வருகிறது என்றால், வேறு ஏதோ ஒரு மையம் வாளியைக் காலி செய்துகொண்டிருக்கிறது.

அப்போ எத்தனை நொடிக்கு ஒரு தடவை கேட்கலாம்?

முதலில் வரம்பு எவ்வளவு விடுகிறது என்று பாருங்கள். நொடிக்கு 2 என்றால் நிமிடத்துக்கு 120. அதை 40 மையத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு நிமிடத்துக்கு 3, அதாவது 20 நொடிக்கு ஒருமுறை. ஆனால் இது விளிம்பு, இங்கே நிற்கக் கூடாது. கோரிக்கையை எடுத்துக்கொண்டோம் என்று திருப்பிச் சொல்வதும் ஒரு கேள்விதான், பெட்டி ஆன் ஆகும்போது லாகின் செய்வதும் ஒரு கேள்விதான். 30 நொடி வைத்தால் நிமிடத்துக்கு 80 போகும், 40 மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் கெட்ட நாளில் கைகொடுக்கும்.

அப்புறம் வேலைக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். மூட்டையில் அமுக்கி வைத்த இலை சூடேறிக் கெடும், அன்றன்றே ஃபாக்டரிக்குப் போயாக வேண்டும், எல்லாம் சரி. ஆனால் அந்த அவசரம் மணிக்கணக்கில் இருக்கிறது, நொடிக்கணக்கில் இல்லை. 5 நொடிக்கு ஒருமுறை கேட்டாலும் 30 நொடிக்கு ஒருமுறை கேட்டாலும் தோட்டத்தில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது. சர்வருக்குத் தெரியும்: 5 நொடி என்றால் நிமிடத்துக்கு 480 கேள்வி, வரம்பைப்போல் நான்கு மடங்கு. இரவில் இலை பறிப்பவர் யாரும் இல்லை, அப்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

"ஒண்ணும் இல்லை"னு பதில் வந்தாலும் இடைவெளியை இரட்டிப்பாக்கணுமா?

வேண்டாம். நான் பார்த்த பெட்டிகளில் அதிகம் குழம்பியிருப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தோல்வி வரும்போது 2 நொடி, 4, 8, 16 என்று இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குவதற்குப் பேர் எக்ஸ்பொனென்ஷியல் பேக்-ஆஃப். சர்வரோ வலையோ தடுமாறுகிறது, நாம் விலகி நின்று வழி விட வேண்டும் என்பதற்காகச் செய்வது அது. காலிப் பட்டியல் வருவது தோல்வி இல்லை. 200 என்ற வெற்றி எண்ணோடு வரும் முழுமையான பதில் அது: சர்வர் நலம், வலை நலம், கோரிக்கை மட்டும் இல்லை.

இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் என்ன ஆகும்? இரவு முழுக்கக் காலிப் பதிலே வரும், இடைவெளி உச்சவரம்பை எட்டிவிடும். உச்சவரம்பு ஒரு மணி நேரம் என்று யாரோ வைத்திருந்தால், காலை 8 மணிக்கு முதல் விவசாயி பதிந்தது 9 மணி நெருங்கும்போதுதான் மையத்துக்குத் தெரியும். லாக்கில் பிழை ஒன்றுகூட இருக்காது. "சிஸ்டம் ஸ்லோ" என்று மட்டும் புகார் வரும்.

ஆகவே இரண்டு தனித்தனி எண்கள் வேண்டும். ஒன்று, எல்லாம் சரியாக இருக்கும்போது வைக்கும் வழக்கமான இடைவெளி. அது 30 நொடி, பதில் காலியோ நிறைவோ மாறாது. இன்னொன்று, தொடர்ச்சியாக எத்தனை தோல்வி என்ற எண்ணிக்கை. ஒரு முறை வெற்றி வந்ததும் அது பூஜ்யமாகிவிட வேண்டும். காலி நேரத்தில் மெதுவாகக் கேட்க ஆசை இருந்தால் அதைக் கடிகாரத்தை வைத்துச் செய்யுங்கள், பேக்-ஆஃபை வைத்துச் செய்யாதீர்கள்.

எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு சர்வரே சொல்லும்னு சொல்றாங்களே?

பல சர்வர்கள் சொல்லும். 429 அல்லது 503 பதிலின் தலைப்பில் `Retry-After: 20` என்று இருக்கும். 20 என்பது நொடி. சில நேரம் நொடிக்குப் பதில் முழுத் தேதியும் நேரமும் வரும். இரண்டையும் படிக்கும்படி எழுதுங்கள், இல்லாவிட்டால் தேதியைப் பார்த்ததும் ப்ரோக்ராம் விழுந்துவிடும்.

சர்வர் ஒரு நேரம் சொல்லிவிட்டால் நம் இரட்டிப்புக் கணக்கு தேவையில்லை, அது சொன்னதே கீழ்வரம்பு. சில சர்வர்கள் தடுத்த கேள்வியையும் வரம்பில் சேர்த்து எண்ணும். அங்கே 20 நொடி பொறுக்கச் சொன்ன பிறகு 5 நொடியில் மறுபடி தட்டினால் தடை நீண்டுகொண்டே போகும். அதே நேரம், 40 பெட்டிக்கும் "20 நொடி" என்றே பதில் போயிருந்தால் 40-ம் சரியாக 20-ஆவது நொடியில் வந்து மோதும். சொன்ன நேரத்துக்கு மேல் சில நொடிகளைக் குலுக்கல் முறையில் சேர்ப்பது அதற்காகத்தான்.

கரண்ட் போய் வந்தால் எல்லா மையமும் ஒரே நேரத்தில் தடுமாறுது. ரேட் லிமிட்டுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மழைக் காற்றில் மரம் விழுந்து லைன் அறுந்தால் ஒரு பகுதியே இருட்டாகிறது. கரண்ட் திரும்பும்போது எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் ஆன் ஆகின்றன. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே ப்ரோக்ராம், ஆன் ஆக எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. 40 கேள்வி ஒரே நொடியில் போய் விழும்.

இரட்டிப்பு சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது, குலுக்கல் மட்டும் இல்லை என்று வைத்துக்கொண்டு நொடி நொடியாகப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று லாகினை விட்டுவிடுகிறேன்.

0-ஆவது நொடி: வாளியில் 10 டோக்கன். 10 பெட்டி உள்ளே போகும், 30-க்கு 429. அந்த 30-ம் 2 நொடி பொறுக்கும். 2-ஆவது நொடி: அதற்குள் சேர்ந்தது 4 டோக்கன். 4 போகும், 26-க்குத் தோல்வி. இனி 4 நொடி. 6-ஆவது நொடி: 8 டோக்கன், 8 போகும், 18 மீதி. இனி 8 நொடி. 14-ஆவது நொடி: 16 டோக்கன் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் வாளி 10-தான் கொள்ளும், 6 வழிந்து போய்விட்டது. 10 போகும், 8 மீதி. அந்த 8-ம் 16 நொடி தூங்கி 30-ஆவது நொடியில் எழும்.

அந்த 30-ஆவது நொடியில்தான் வேடிக்கை. முதலில் உள்ளே போன 10 பெட்டியும் தங்கள் வழக்கமான 30 நொடி முடிந்து அதே நொடியில் திரும்ப வருகின்றன. 18 கேள்வி, 10 டோக்கன். எந்தப் பிழையும் செய்யாத பெட்டிகளுக்கும் இப்போது 429 விழலாம். கரண்ட் வந்து வெகுநேரம் ஆன பிறகும் "அடிக்கடி 429" என்று ஒரு மையம் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்: கூட்டம் கலையவே இல்லை, 30 நொடிக்கு ஒருமுறை சேர்ந்தே வருகிறது.

14-ஆவது நொடி வரை எண்ணினால் 32 வெற்றிக்கு 82 தோல்வி. நடுவே வாளி நிரம்பி வழிந்த நேரமும் உண்டு. கூட்டமாக வந்து முட்டுவதும், பிறகு யாருமே வராமல் இருப்பதுமாகவே நேரம் போகிறது. இரட்டிப்பு கூட்டத்தின் வருகையை அரிதாக்குகிறது, கூட்டத்தைக் கலைப்பதில்லை. கலைப்பது ஜிட்டர், அதாவது குலுக்கல். "8 நொடி பொறு" என்பதற்குப் பதில் "0-க்கும் 8-க்கும் நடுவே ஏதோ ஒரு நேரம் பொறு" என்று ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தானே சீட்டெடுக்கும். அப்போது கேள்விகள் பரவி வரும், டோக்கன் சேரச் சேரச் செலவாகும்.

ஒரு வரம்பு மட்டும் எந்தத் தந்திரத்துக்கும் மசியாது. முதல் 10 போக மீதி 30 பெட்டிக்கு நொடிக்கு 2 என்றால் குறைந்தது 15 நொடி ஆகத்தான் செய்யும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் சர்வர்காரரிடம் பேசி வரம்பைத்தான் உயர்த்த வேண்டும்.

சரி, ப்ரோக்ராமில் எப்படி எழுதுறது?

பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import random, time

def failure_wait(n, retry_after=None):
    if retry_after is not None:
        return retry_after + random.uniform(0, 15)
    return random.uniform(0, min(300, 2 * 2 ** min(n, 8)))

fails = 0
time.sleep(random.uniform(0, 30))
while True:
    r = ask()
    if r.ok:
        fails = 0
        save(r.items)
        pause = random.uniform(25, 35)
    elif r.fatal:
        alarm(r)
        pause = 900
    else:
        pause = failure_wait(fails, r.retry_after)
        fails += 1
    time.sleep(pause)
```

குலுக்கல் நான்கு இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். சுற்றுக்குள் நுழையும் முன்பே ஒன்று இருக்கிறது, கரண்ட் வந்த நொடியின் கூட்டத்தைக் கலைப்பது அதுதான். வெற்றிக்குப் பிறகும் 30 என்று நிலையாக வைக்காமல் 25-க்கும் 35-க்கும் நடுவே விட்டிருக்கிறது. மற்ற இரண்டும் தோல்விக்கானவை. தோல்வியில் குலுக்கி, வெற்றியில் குலுக்காமல் விட்ட ப்ரோக்ராம்கள்தான் அதிகம்.

`r.fatal` என்பது பொறுத்தாலும் மாறாத பிழை: 400, 401 போன்றவை. தவறான பாஸ்வேர்டு 16 நொடி கழித்தும் தவறான பாஸ்வேர்டுதான். அங்கே திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கு நிஜமாகவே முடங்கலாம். 403-ஐ மட்டும் உங்கள் சர்வரின் விளக்கக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிட்ஹப் போன்ற சில இடங்களில் வரம்பு தாண்டினாலும் 403 வருவது உண்டு.

இரட்டிப்பாகிக்கிட்டே போனா எங்கே நிறுத்துறது? எத்தனை தோல்விக்கு அப்புறம் கைவிடலாம்?

உச்சவரம்பை 300 நொடி என்று மேலே வைத்திருக்கிறேன். சர்வர் சரியான பிறகும் ஒரு பெட்டி எவ்வளவு நேரம் தெரியாமல் தூங்கலாம் என்பதற்கான விடை அது. இலை விஷயத்தில் 5 நிமிடம் பரவாயில்லை, ஒரு மணி நேரம் கூடாது.

கைவிடும் பேச்சே இங்கே வேண்டாம். பழைய ஈதர்நெட் கேபிளில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பேசி மோதினால் இதே இரட்டிப்புக் குலுக்கல்தான். அங்கே 10 மோதலுக்குப் பிறகு இரட்டிப்பு நிற்கும், 16 முறைக்குப் பிறகு அந்தச் செய்தியே கைவிடப்படும். அங்கே மேலே இன்னொருவர் மீண்டும் அனுப்பிக்கொள்வார். நம் பெட்டிக்கு மேலே யாரும் இல்லை. அது நின்றால் யாராவது மையத்துக்குப் போய் ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். ஆகவே 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கட்டும், 20 நிமிடம் வெற்றி இல்லையென்றால் மையத்துக்காரருக்கு எஸ்எம்எஸ் போகட்டும். அவர் அன்றைக்கு விவசாயிகளைப் போனில் கேட்டுக்கொள்வார்.

எங்க ப்ரோக்ராம் இரட்டிப்பா பொறுக்குதுன்னு லாக் சொல்லுது. சர்வர்காரர் நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கில் கேட்கிறீங்கன்னு சொல்றார். யார் சொல்றது நிஜம்?

இருவர் சொல்வதும் நிஜமாக இருக்கலாம். உங்கள் லாக் நீங்கள் எழுதிய சுற்றை மட்டும் எண்ணுகிறது. அதற்குக் கீழே இருக்கும் நூலகமும் தானாகவே மறுபடி முயலலாம். பைத்தானின் `urllib3` சும்மா விட்டால் ஒரு கேள்விக்கு 3 மறுமுயற்சி செய்யும். அதாவது இணைப்பு கிடைக்காதபோது நீங்கள் 5 முறை கேட்டதாக நினைப்பது உண்மையில் 20 முறை. மறுமுயற்சி ஒரே அடுக்கில் இருக்கட்டும். அங்கே `retries=False` என்று போட்டுவிட்டு உங்கள் சுற்றில் மட்டும் வையுங்கள்.

இன்னொரு அடுக்கு அதைவிட மோசம். 429 வந்ததும் ப்ரோக்ராம் பிழை காட்டி விழுகிறது, `systemd` அதைத் தூக்கி நிறுத்துகிறது. `Restart=always` என்று மட்டும் எழுதியிருந்தால் அது காத்திருப்பது 100 மில்லிநொடி. புதிதாக எழுந்த ப்ரோக்ராமுக்குத் தோல்வி எண்ணிக்கை பூஜ்யம், ஆக பேக்-ஆஃப் எப்போதும் முதல் படியிலேயே நிற்கும். 10 நொடியில் 5 முறை விழுந்து எழுந்தால் `systemd` இனி எழுப்புவதில்லை என்று விட்டுவிடும், பெட்டி ஊமையாகிவிடும். பிழையை உள்ளேயே பிடியுங்கள். `RestartSec=30` என்றும் போட்டு வையுங்கள்.

ஒரே விவசாயிக்கு வண்டி ரெண்டு தடவை போயிடுச்சு. இதுக்கும் மறுமுயற்சிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெட்டி "எடுத்துக்கொண்டேன்" என்று சொன்னது சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், பெட்டியின் கண்ணுக்கு அது தோல்வி. மறுபடி சொல்லும். கோரிக்கைக்கு ஒரு எண் இருந்து, அதே எண்ணை இரண்டாம் முறை பார்த்தால் சர்வரும் டிரைவர் பட்டியலும் பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். எண்ணைப் பார்க்காமல், வந்ததையெல்லாம் பட்டியலின் அடியில் சேர்த்தால் வண்டி இரண்டு முறைதான் போகும்.

நாம கேட்டுக்கிட்டே இருக்கிறதுக்கு பதிலா சர்வரே நம்மளைக் கூப்பிடலாமே?

சிம் இணைப்பில் பெட்டிக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி பொதுவாகக் கிடைப்பதில்லை, அதனால் சர்வரால் நேராகக் கூப்பிட முடியாது. கேள்வியைத் திறந்தே வைத்திருந்து, கோரிக்கை வந்ததும் பதில் தரும் நீண்ட போலிங்கை உங்கள் சர்வர் தருமானால் தாராளமாக மாறுங்கள். அப்போதும் இணைப்பு அறுந்தால் மறுபடி இணைவதற்கு இதே பேக்-ஆஃப், இதே குலுக்கல் வேண்டும்.

ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த பிறகும் பெட்டி இன்னும் ரெண்டு மணி நேரம் கேட்காமலே இருந்துச்சு. உச்சவரம்பு 5 நிமிஷம்தானே?

பெட்டியின் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெரி பை போன்ற பலகைகள் பலவற்றில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போகும் முன் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும், வலை கிடைத்து நேரம் சரியாகும் வரை இரண்டு மணி நேரம் பின்தங்கியே இருக்கும்.

சில சர்வர்கள் எத்தனை நொடி என்று சொல்லாமல், வரம்பு எந்த மணிக்குத் திரும்பும் என்று சொல்லும். `Retry-After` தேதியாக வருவதும், `x-ratelimit-reset` என்று வருவதும் இந்த வகை. சர்வர் சொன்னது 10:01, பெட்டியின் கடிகாரத்தில் 8:00. கழித்துப் பார்த்த ப்ரோக்ராம் 121 நிமிடம் தூங்கப் போய்விட்டது. உண்மையில் பொறுக்க வேண்டியது ஒரு நிமிடம். 300 நொடி உச்சவரம்பு இரட்டிப்புக் கணக்குக்குத்தான், சர்வர் சொன்ன நேரத்துக்கு அதைப் போடவில்லை.

சர்வரின் பதிலிலேயே பெரும்பாலும் `Date` என்ற தலைப்பும் வரும். சர்வர் சொன்ன நேரத்திலிருந்து அந்த `Date`-ஐக் கழியுங்கள், நம் கடிகாரத்தை இதில் இழுக்காதீர்கள். கழித்து வந்த விடை ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலோ அதை நம்பாமல் இரட்டிப்புக் கணக்குக்குத் திரும்பிவிடுங்கள். பெட்டிக்குள் நேரத்தை அளக்க `time.time()` வேண்டாம், `time.monotonic()` வையுங்கள். வலை வந்து கடிகாரம் திடீரென்று இரண்டு மணி நேரம் முன்னே குதித்தாலும் அது குதிக்காது.